பாண்டியன் தீர்ப்பும் மூவகைக் கேள்விகளும்

ஒரு நூலை வாசித்துவிட்டுக் கூடிப் பேசும்போது எழும் கேள்விகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். விடை நூலிலேயே இருந்து, அந்த இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது தகவல் கேள்வி. நூலின் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்து வாசகரே ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தால் அது பொருள்கோள் கேள்வி. நூல் சொல்லும் கருத்தை ஏற்கலாமா, எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று தம் அறிவையும் அனுபவத்தையும் வைத்து எடைபோட வேண்டியிருந்தால் அது மதிப்பீட்டுக் கேள்வி. ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸும் மார்ட்டிமர் அட்லரும் 1947-ல் சிகாகோவில் தொடங்கிய கிரேட் புக்ஸ் அறக்கட்டளை, வாசிப்புக் குழுக்களுக்கு இந்தப் பகுப்பைக் கற்றுக்கொடுத்துப் பரப்பியது. பி.எட். படித்தவர்கள் பெஞ்சமின் புளூமின் ஆறு படிகளை அறிவார்கள். 1956-ல் வெளிவந்த அந்த வரிசையிலும் நினைவுகூர்தல் அடியில் இருந்தது, மதிப்பிடுதல் உச்சியில் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரக் கலந்துரையாடலை நடத்துபவருக்கு ஆறு படிகள் அதிகம். மூன்றே கையில் நிற்கும்.

பிரிவைத் தெரிந்துகொள்வது எளிது. மூன்று வகையையும் ஒன்றுக்கொன்று தாங்கும்படி அடுக்குவதுதான் கடினம். தகவல் கேள்விகள் ஒருபுறமும் கருத்துக் கேள்வி மறுபுறமும் தொடர்பில்லாமல் நின்றால், முதல் பாதி தேர்வு போலவும் அடுத்த பாதி அரட்டை போலவும் ஆகிவிடும். கூட்டத்தில் அனைவருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு பார்த்தால், அடுக்கும் வேலை எங்கே நுணுக்கமாகிறது என்பது விளங்கும். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனுக்கு அளித்த தீர்ப்பு அதற்குப் பொருத்தமான பகுதி. மதுரைக் காண்டத்தின் கொலைக்களக் காதையும் வழக்குரை காதையும், அடுத்து வஞ்சிக் காண்டத்தின் காட்சிக் காதையும் இதற்குப் போதும். உரையோடு வாசித்தால் ஒரு வாரத்தில் யாரும் படித்து வந்துவிடலாம்.

காட்சிக் காதையைச் சேர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தகவலில் தொடங்கி மதிப்பீட்டில் முடியும் வரிசை அங்கே காப்பியத்துக்குள்ளேயே நடக்கிறது. மலைவளம் காண வந்து பெரியாற்றங்கரையில் தங்கியிருக்கும் சேரன் செங்குட்டுவனிடம் மலைவாழ் மக்கள் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்த பெண் நின்றாள், அவளை வானவர் அழைத்துப் போனார்கள். அவள் எந்த நாட்டவள், யார் மகள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கண்டது மட்டும்தான் அவர்கள் சொல்வது. உடனிருந்த சாத்தனார் மதுரையில் நடந்ததைச் சொல்லி, அந்தக் காட்சிக்கு முன்கதை தருகிறார். அதைக் கேட்ட செங்குட்டுவன் நிகழ்ச்சிக்குப் பொருள் காண்கிறான்: ஊழ்வினை வளைத்துவிட்ட செங்கோலைப் பாண்டியன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்கிறான். அதன்பிறகே அவன் தன் அரசியைப் பார்த்து, கணவன் இறந்ததும் உயிர்விட்ட பாண்டிமாதேவியா, வழக்குரைத்துவிட்டு நம் நாடு வந்த கண்ணகியா, இருவரில் வியந்து போற்றத் தக்கவர் யார் என்று கேட்கிறான். அரசி இருவரையும் எடைபோட்டு, ஒருவருக்கு வானுலகப் பேறு கிடைக்கட்டும், நம் நாட்டுக்கு வந்தவளை நாம் வழிபட வேண்டும் என்கிறாள். கண்டது, நடந்தது, பொருள், தீர்ப்பு என்று நான்கு பேச்சுகள் படிப்படியாக வருகின்றன. அரசியிடம் கேட்ட கேள்வியை மலைவாழ் மக்களிடமே முதலில் கேட்டிருந்தால் அவர்களால் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

கேட்கும்போது வரிசை தகவலில் தொடங்கும். கேள்விகளை அமைக்கும்போதோ கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். எந்தக் கருத்தை எடைபோடப் போகிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டும். ‘நீதி’, ‘கற்பு’, ‘ஊழ்’ என்பவை தலைப்புகள். அவற்றை யாரும் ஏற்கவோ மறுக்கவோ முடியாது. முழு வாக்கியமாக இருந்து, ஒருவர் ‘ஆம்’ என்றும் மற்றவர் ‘இல்லை’ என்றும் சொல்ல இடம் தருவதே விவாதத்துக்குரிய கருத்து. செங்குட்டுவன் சொன்னது அப்படிப்பட்ட கருத்து. அதிலிருந்து மதிப்பீட்டுக் கேள்வி இப்படிப் பிறக்கும்: தவறான தீர்ப்பால் ஓர் உயிர் போனபின், தீர்ப்பளித்தவர் தம் உயிரைக் கொடுத்தால் நீதி மீண்டுவிடுமா?

இந்தக் கேள்வியைத் தாளின் அடியில் எழுதிக்கொண்டு, இதற்கு விடை சொல்பவருக்கு முன்கூட்டியே எது தெளிவாகியிருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். பாண்டியன் எதைத் தன் குற்றமாக ஏற்றான் என்பது தெளிவாகாமல், அந்தக் குற்றத்துக்கு அவன் கொடுத்த விலை சரியா என்று பேச முடியாது. ஆகவே நடுவில் நிற்க வேண்டிய பொருள்கோள் கேள்வி அதுவே: தன்னைக் கள்வன் என்று சொல்லிக்கொண்டபோது அரசன் ஏற்றுக்கொண்ட குற்றம் எது? இதற்கு விடை தேட எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்று அடுத்துக் கேட்டால், தொடக்கத்தில் வரவேண்டிய தகவல் கேள்விகள் கிடைத்துவிடும். கோவலனுக்கு வயது பதினாறு, கண்ணகிக்குப் பன்னிரண்டு, தந்தையர் மாசாத்துவானும் மாநாய்கனும் என்பவையும் நூலில் உள்ள தகவல்களே. ஆனால் மேலே உள்ள இரண்டு கேள்விகளில் எதையும் அவை தாங்கவில்லை. பள்ளித் தேர்வுக்குப் பழகிப்போனவர்கள் அமைக்கும் வரிசைகளில் பெரும்பாலும் இந்த வகைத் தகவல்களே நிறைந்து, விவாதம் தொடங்கும் முன்பே கூட்டம் களைத்துவிடுகிறது.

இந்த வழக்குக்கு ஐந்து தகவல் கேள்விகள் போதும். பொற்கொல்லன் அரசனைச் சந்தித்தபோது அரசன் எங்கே, எதற்காகப் போய்க்கொண்டிருந்தான்? காவலர்களுக்கு அவன் இட்ட ஆணை என்ன, அதில் ஏதேனும் நிபந்தனை இருந்ததா? கோவலனைப் பார்த்த காவலர்கள் முதலில் என்ன சொன்னார்கள், கடைசியில் வெட்டியவன் யார்? கண்ணகி அரசவையில் உடைத்தது எந்தச் சிலம்பை? அரசன் உயிர்விடும் முன் பொற்கொல்லனைப் பற்றி ஏதேனும் ஆணையிட்டானா?

ஒவ்வொன்றுக்கும் நூலில் உறுதியான விடை இருக்கிறது. ஆடல் மகளிரின் கலையில் அரசன் மனம் போயிற்று என்று ஊடி, தலைவலி என்று சொல்லி அரசி எழுந்து போய்விட்டாள். அவளைத் தேடி அரசன் அந்தப்புரம் போகும் வழியில்தான் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அரசியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்பது ஆணை. ‘இருக்குமானால்’ என்பது அதில் உண்டு. காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் தோற்றம் கள்வனுடையதாக இல்லை என்று தயங்குகிறார்கள். கள்வர் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் முதலிய எட்டையும் பொற்கொல்லன் அடுக்கி அவர்களைப் பயமுறுத்துகிறான். அப்படியும் அவர்கள் முடிவுக்கு வராமல் பேசிக்கொண்டிருக்கும்போது, கல்லாதவனான ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். கடைசிக் கேள்விக்கு விடை ‘இல்லை’ என்பது. அரசன் பொற்கொல்லனைப் பிடிக்கவோ விசாரிக்கவோ சொல்லாமலே விழுகிறான்.

நான்காவது கேள்வியில் கூட்டம் கொஞ்சம் நின்று யோசிக்கும். கண்ணகி கையில் ஒற்றைச் சிலம்போடு அவைக்கு வந்தாள் என்பது எல்லோர் நினைவிலும் இருக்கும். 1964-ல் வந்த ‘பூம்புகார்’ படமும், மேடை நாடகங்களும், கடற்கரைச் சிலையும் அந்தக் காட்சியை ஆழப் பதித்திருக்கின்றன. அதனால் கையில் இருந்ததையே உடைத்தாள் என்று பலரும் சொல்வார்கள். நூலைத் திறந்தால், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொல்ல, அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் சொல்லி, கோவலனிடமிருந்து கைப்பற்றியதை வரவழைத்து அவள் முன் வைக்கச் செய்கிறான். அதைத்தான் அவள் உடைக்கிறாள். வழக்கின் தர்க்கமும் அதைத்தான் கேட்கிறது. அவள் கையில் இருந்தது அவளுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை உடைத்து எதையும் நிறுவ முடியாது. கைப்பற்றியதற்குள் மாணிக்கம் இருந்தால்தான் அரசனின் வழக்கு உடையும்.

நல்ல தகவல் கேள்வி செய்யவேண்டிய வேலை இதுதான். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்த ஒன்றை நூலுக்குத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்க வைக்கிறது. அதன்மூலம் அடுத்த கட்டத்துக்கு வேண்டிய பொருளையும் எடுத்துத் தருகிறது. மாணிக்கமா முத்தா என்பதை ஒரு நொடியில் சோதித்திருக்கலாம் என்பது இப்போது மேசைமேல் வந்துவிட்டது. கோவலன் உயிரோடிருந்தபோது அந்தச் சோதனையை ஏன் யாரும் செய்யவில்லை என்ற கேள்வி, நடத்துபவர் கேட்காமலே கூட்டத்திலிருந்து எழும். அப்படி எழுந்தால் வரிசை சரியாக அமைந்திருக்கிறது என்று அறியலாம். இந்தக் கட்டத்துக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து நிமிடம் போதும். விடை சொல்பவர் பக்கத்தைக் காட்டினால் போதும், விளக்கம் வேண்டாம்.

பொருள்கோள் கட்டத்தில்தான் பெரும்பகுதி நேரம் செலவாக வேண்டும், ஒரு மணி நேரக் கூட்டத்தில் அரை மணி. இங்கே கேள்விக்கு இரண்டு தகுதிகள் தேவை. கேட்பவருக்கே அதில் மெய்யான ஐயம் இருக்க வேண்டும். நூலிலிருந்து குறைந்தது இரண்டு விடைகளுக்கு ஆதாரம் காட்ட முடிய வேண்டும். இரண்டாவதைக் கூட்டத்துக்கு முன்பே சோதித்துப் பார்ப்பது நல்லது. கேள்வியை எழுதிவிட்டு, அதன்கீழே எதிரெதிரான இரண்டு விடைகளை நடத்துபவரே எழுதி, ஒவ்வொன்றுக்கும் நூலில் இரண்டு இடங்களைக் குறித்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இடமே கிடைக்கவில்லை என்றால் அது வேடமிட்ட தகவல் கேள்வி. எந்தப் பக்கத்துக்கும் கிடைக்கவில்லை என்றால் நூலுக்கு வெளியே போய்விட்ட கேள்வி.

அரசன் ஏற்ற குற்றம் எது என்ற கேள்வி இந்தச் சோதனையில் தேறுகிறது. பொற்கொல்லன் சொல்லை நம்பியதுதான் குற்றம் என்று ஒருவர் சொல்லலாம். விழும்போது அரசன் தன் வாயால் சொல்வதும் அதையே ஒட்டி இருக்கிறது. அப்படியானால் அவன் ஏமாற்றப்பட்டவன். குற்றத்தில் பெரும்பங்கு பொற்கொல்லனுக்குப் போகும். இன்னொருவர், நம்பியது பெரிதல்ல, ஆராயாமல் விட்டதே குற்றம் என்பார். ஊடிய அரசியிடம் போகும் அவசரத்தில் இருந்தான் என்பதைக் கவிஞர் வேலைமெனக்கெட்டுச் சொல்லியிருக்கிறாரே என்று அவர் காட்டுவார். மூன்றாமவர் ஆணையில் உள்ள நிபந்தனையைப் பிடித்துக்கொள்வார். ‘இருக்குமானால்’ என்று அரசன் சொன்னான், கோவலன் கையில் இருந்தது அரசியின் சிலம்பு அல்ல, ஆகவே ஆணைப்படி கோவலனைக் கொல்லக் கூடாது, ஆணையை மீறியது காவலர்கள் என்பது அவர் வாதம்.

இந்த மூன்றாவது விடை வந்ததும் விவாதம் சூடுபிடிக்கும். அதற்காகவே நடத்துபவர் ஒரு துணைக்கேள்வியைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: அந்த நிபந்தனை நிறைவேறியதா இல்லையா என்று பார்க்கும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது? காவலர்களோடு போனவன் பொற்கொல்லன். அரசியின் சிலம்பை அறிந்தவனும் அவனே. குற்றம் சாட்டியவனே சாட்சியாகவும் பரிசோதகனாகவும் ஆகிவிட்டான். அப்படியானால் நிபந்தனை கோவலனுக்குப் பாதுகாப்பாக இருந்ததா, அரசனின் மனச்சாட்சிக்கு மட்டும் பாதுகாப்பாக இருந்ததா? மூன்றாமவரின் வாதம் இங்கே உடைந்துபோக வேண்டும் என்பதில்லை. அது முன்பைவிடக் கூர்மையாகும். காவலர்கள் தயங்கினார்களே, திரும்பிப் போய் அரசனிடம் கேட்டிருக்கலாமே என்று அவர் மீண்டும் நூலுக்குள் போய் ஆதாரம் எடுத்து வருவார்.

ஊழ்வினை என்ற விடையும் வரும், வரத்தான் வேண்டும். காப்பியம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது. முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலையுண்ணச் செய்தான் என்பது கதை. எல்லாம் விதி என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு அடைபட்டுவிடும் என்று பல நடத்துபவர்கள் அந்த விடையை ஒதுக்கிவிடுகிறார்கள். அது நூலுக்குச் செய்யும் அநியாயம். விதி என்ற விடையை ஏற்றுக்கொண்டு, அப்படியென்றால் அரசன் ஏன் தன்னைக் குற்றவாளி என்கிறான், விதியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அடைப்பு திறந்துகொள்ளும். விதியைச் சொல்பவர்கள் தெய்வமும் சேரனும்தான். தவறு செய்தவன் தன் வாயால் அதைச் சொல்லவில்லை. இதைக் கூட்டம் தானே கண்டுபிடிக்கும்படி விட்டால், அடுத்த கட்டத்துக்கு அதைவிடச் சிறந்த நுழைவாயில் இல்லை.

மதிப்பீட்டுக் கட்டத்துக்குப் போகும் முன் ஒரு சிறிய நடுக்கேள்வி வேண்டும். செங்குட்டுவன் சொன்ன கருத்தை, அதை ஏற்காதவர் ஒருவர், சேரனே ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். கருத்தைச் சரியாகச் சொல்லாமலே மறுக்கத் தொடங்குவதுதான் இந்தக் கட்டத்தில் அடிக்கடி நேரும் பிழை. சேரன், இறந்த கோவலன் மீண்டான் என்று சொல்லவில்லை, கண்ணகியின் துயர் தீர்ந்தது என்றும் சொல்லவில்லை. செங்கோல் நிமிர்ந்தது என்கிறான். நிமிர்ந்தது ஆட்சியின் நெறி. இந்த வேறுபாடு தெரிந்தபின் அவன் கருத்தை எதிர்ப்பது கடினமாகும். ஆனால் அப்போதுதான் எதிர்ப்புக்குப் பொருள் இருக்கும்.

இப்போது முதலில் எழுதிவைத்த கேள்வியைக் கேட்கலாம். தீர்ப்பளித்தவர் தம் உயிரைக் கொடுத்தால் நீதி மீண்டுவிடுமா? வெறும் ஆம், இல்லை என்று விடை வந்தால், எந்த அளவுகோலால் என்று தொடர வேண்டும். அளவுகோல் வெளிப்படாத மதிப்பீடு விருப்பு வெறுப்பாகவே நின்றுவிடும். பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது என்பது ஒருவரின் அளவுகோல். அதன்படி கண்ணகிக்கு எதுவும் கிடைக்கவில்லை. அரசன் விழுந்த பிறகும் அவள் சினம் தணியவில்லை என்பதே அதற்குச் சான்று. அதிகாரத்தில் இருப்பவர் தமக்கும் பிறருக்கும் ஒரே சட்டம் என்று காட்டினாரா என்பது இன்னொருவரின் அளவுகோல். அதன்படி பாண்டியன் உயர்ந்து நிற்கிறான். இதே தவறு மறுபடி நேராமல் தடுக்க என்ன செய்யப்பட்டது என்பது மூன்றாவது. அதன்படி அரசன் போட்டது சுழியம். பொற்கொல்லன் பிடிபடவில்லை, ஆணையிடும் முறை மாறவில்லை. ஐந்தாவது தகவல் கேள்வி எதற்காக முதலிலேயே கேட்கப்பட்டது என்பது இங்கே எல்லோருக்கும் விளங்கும்.

பேச்சு சமநிலையில் நின்றுவிட்டால், அதுவரை மேசைக்கு வராத ஒரு தகவலைக் கொண்டுவரலாம். நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் மதுரை ஆட்சிக்கு வந்து, கண்ணகிக்காக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்று வஞ்சிக் காண்டம் சொல்கிறது. செங்கோல் நிமிர்ந்தது என்று சொன்னவர், அந்த நாட்டிலேயே அடுத்து நடந்த இதை எப்படி விளக்குவார்? ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் தொழிலைச் சேர்ந்த ஆயிரம் பேர் என்றால், ஆராயாமல் தண்டிப்பது தொடர்கிறதா? இந்தத் தகவலைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் கூட்டம் முழுதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு நிலைப்பாடு எடுத்தபின் வரும்போது அது நிலைப்பாட்டைச் சோதிக்கிறது.

கடைசிப்படி, கருத்தை வாசகரின் வாழ்க்கைக்குக் கொண்டுவருவது. இங்கே வார்த்தைகளைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இன்றைய நீதிமன்றங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் அதுவரை பேசிய அத்தனையும் வீணாகி, செய்தித்தாளில் படித்தவை கொட்டத் தொடங்கும். ‘கண்ணகி செய்தது சரியா?’ என்று கேட்டால், பத்தினித் தெய்வத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. மரியாதையான மௌனமே கிடைக்கும். ‘பாண்டியன் செய்தது மாபெரும் தியாகம் அல்லவா?’ என்பதில் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மாறாக, அதிகாரத்தில் உள்ள ஒருவர், ஓர் ஆசிரியரோ பெற்றோரோ மேலாளரோ, ஆராயாமல் ஒருவரைத் தண்டித்துவிட்டுப் பிறகு உண்மையை அறிந்தால், சற்று முன் பேசிய மூன்று அளவுகோல்களில் எதை அவர் முதலில் நிறைவேற்ற வேண்டும், ஏன் என்று கேட்கலாம். இதில் சொந்த அனுபவம் பேசும், ஆனால் நூலில் கண்டெடுத்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பேசும்.

நடுவில் ஏற்படும் தடுமாற்றங்களைச் சில அறிகுறிகளால் கண்டுகொள்ளலாம். பொருள்கோள் கட்டத்தில் எல்லோரும் இரண்டு நிமிடத்தில் ஒத்துப்போனால், கேட்டது தகவல் கேள்வி. மதிப்பீட்டுக் கட்டத்தில் ‘அப்படி நடக்கவே இல்லை’, ‘நடந்தது’ என்று சண்டை வந்தால், வேண்டிய தகவல் ஒன்று முதலில் விடுபட்டிருக்கிறது. அப்போது கூச்சப்படாமல் கீழே இறங்கி நூலைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் எல்லோர் கண்ணும் நடத்துபவர் முகத்தைத் தேடினால், அவர் மனத்தில் ஒரு சரியான விடை இருக்கிறது என்று கூட்டம் முடிவு செய்துவிட்டது. ‘நல்லது’, ‘சபாஷ்’ என்று ஒருவருக்குச் சொன்னதும் மற்றவர்கள் தங்கள் விடையை மறைத்துக்கொள்வார்கள். விடையைப் பாராட்டாமல், எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று எல்லோரிடமும் ஒரே குரலில் கேட்பது இதைத் தவிர்க்கும்.

இன்னொரு தவறு அவசரம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியோ அதற்கு மேலோ காத்திருந்தால் விடைகள் நீண்டன, காரணம் காட்டிப் பேசுவது கூடியது, வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். ‘சிலம்பு எது?’ என்ற கேள்விக்கு ஒரு விநாடி போதும். ‘ஏற்ற குற்றம் எது?’ என்பதற்குப் போதாது. பக்கம் புரட்டவே அரை நிமிடம் ஆகும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நடத்துபவரே விடையைச் சொல்லத் தொடங்கினால், அதற்குப் பின் யாரும் தேட மாட்டார்கள்.

இந்த வரிசைக்கு எல்லைகளும் உண்டு. வாசித்து வராத கூட்டத்தில் இது நிற்காது. தகவல் கட்டமே கதைச்சுருக்கமாக நீண்டு நேரத்தைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட நாளில் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் அரசனைக் காணும் பகுதியை மட்டும் எல்லோர் முன்னும் உரக்க வாசித்து, ஆணையும் நிபந்தனையும் பற்றிய ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வது மேல். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் பொருள்கோள் கட்டத்தில் பாதிப்பேர் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். இரண்டு வட்டமாகப் பிரித்து, கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒன்றுசேர்க்கலாம். ஒரு சமூகத்தின் வழிபாட்டோடு கலந்த நூலில் மதிப்பீடு கூர்மையாகும்போது சிலர் புண்படக்கூடும். அதனால்தான் கேள்விகள் கண்ணகியை விட்டுவிட்டு, சேரன் சொன்ன கருத்தையும் பாண்டியன் செய்த செயலையும் எடைபோடும்படி அமைந்திருக்கின்றன.

முடிவில் நடத்துபவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் தொடங்கும்போதே மதிப்பீட்டுக் கேள்வியைச் சொல்லி, ஒவ்வொருவரும் இரண்டு வரி விடை எழுதி மடித்து வைத்துக்கொள்ளச் செய்யலாம். கடைசியில் அதைப் பிரித்து, அதன்கீழே இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஆம் என்பதை இல்லை என்று மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் முதல் இரண்டு வரியில் இல்லாத ‘இருக்குமானால்’, ‘பொற்கொல்லன் பிடிபடவில்லை’, ‘நிமிர்ந்தது எது’ போன்ற சொற்கள் இரண்டாவதில் வந்திருக்கும். அவை வராத தாள்கள் அதிகமாக இருந்தால், அடுத்தமுறை திருத்த வேண்டியது மதிப்பீட்டுக் கேள்வி அல்ல, நடுவில் வைத்த பொருள்கோள் கேள்வி.